கிரைண்டர் இடைவெளிக்கு 3 மி.மீ. டிரில் பிட்

பெஞ்ச் கிரைண்டரை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கியதும், கல்லுக்கும் பொருள் தாங்கும் தட்டுக்கும் நடுவே 3 மி.மீ. டிரில் பிட்டின் அடித்தண்டை நுழைத்துப் பாருங்கள். தாராளமாக நுழைந்தால் தட்டைக் கல்லை நோக்கித் தள்ளி இறுக்குங்கள்.

கல் தேயத் தேய இடைவெளி அகலும். சின்னத் துண்டு அதில் சிக்கினால் விரலும் கூடவே போகும், கல்லும் உடையலாம். டர்பன் நகரில் ஓய்வுபெற்ற ஆபரேட்டர் அங்கிள் ஒருவர், இரண்டு விரல் இல்லாத கையாலேயே பயிற்சிப் பையன்களுக்கு இதை அளந்து காட்டுவார். “தம்பி, தாங்கும் தட்டு இருந்தது, நான்தான் நகர்த்தவில்லை” என்பார். அப்புறம் யாரும் கேள்வி கேட்பதில்லை.

தட்டே இல்லாத ஆங்கிள் கிரைண்டருக்கு இது உதவாது. கல்லில் விரிசல் இருந்தாலும் இது காட்டாது.