ஐந்து கைப்பேசிப் படங்களிலிருந்து ஒரு மேடைப் பின்திரை: ஒட்டுவதும் ஓரங்களை நிரப்புவதும்

பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்கு மலைக்காட்சிப் பின்திரை ஒன்று வேண்டும் என்று அக்கா மகள் கேட்டாள். 20 அடி அகலம், 10 அடி உயரம், ஃபிளெக்ஸில் அச்சிட வேண்டும். என் கைப்பேசி எடுக்கும் படம் 4000 × 3000 பிக்சல். அதை மேடையின் விகிதத்துக்கு வெட்டி 20 அடிக்கு இழுத்தால் ஓர் அங்குலத்துக்குப் பதினாறு, பதினேழு பிக்சல்தான் கிடைக்கும். முன்வரிசையில் இருப்பவர்களுக்கு மலை கரைந்துபோனதுபோலத் தெரியும். அந்த வாரம் கொடைக்கானல் போகவேண்டியிருந்ததால், கோக்கர்ஸ் வாக்கில் நின்று ஐந்து படங்களை எடுத்து ஒட்டினேன். கடைசியில் கிடைத்தது 7200 × 3600 பிக்சல், அதாவது அங்குலத்துக்கு 30. பயன்படுத்தியவை ஹூகின், கிம்ப் என்ற இரண்டு மென்பொருள்கள். இரண்டும் இலவசம்.

படம் எடுக்கும்போதே தீர்ந்துவிடும் பாதி வேலை

கைப்பேசியை நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள். அகலமான படம்தானே வேண்டும், படுக்கவைத்து எடுத்தால் என்ன என்று தோன்றும். அகலத்தை இன்னொரு படம் எடுத்துக் கூட்டிக்கொள்ளலாம். உயரத்தை அப்படிக் கூட்டமுடியாது. ஓரங்களை வெட்டும்போது முதலில் பறிபோவதும் உயரம்தான்.

திரையில் ஓரிடத்தை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் குவியத்தையும் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வானம் ஒரு படத்தில் வெளுத்தும் அடுத்ததில் நீலமாகவும் வரும். அடுத்தடுத்த படங்களுக்குள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பொதுவாக இருக்கவேண்டும். நான் ஏறக்குறைய பாதியை விடுகிறேன். கைப்பேசி லென்ஸில் ஓரங்கள் சற்றே மங்கலாக இருக்கும் என்பதால், நடுப்பகுதிகளைக் கொண்டே ஒட்ட இது உதவுகிறது.

இனி, புதிதாக எடுப்பவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. கையை நீட்டிக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு, உடம்பை அச்சாக வைத்துச் சுழல்வார்கள். அப்போது லென்ஸ் ஒரு வட்டத்தில் நகர்கிறது. கோக்கர்ஸ் வாக்கின் ஓரத்தில் கம்பித் தடுப்பு இருக்கிறது. நான் நின்ற இடத்திலிருந்து அது இரண்டு மீட்டர், எதிர் மலையோ பல கிலோமீட்டர். லென்ஸ் 30 சென்டிமீட்டர் நகர்ந்தால் மலை ஒரு பிக்சல்கூட அசையாது. தடுப்போ மலையோடு ஒப்பிடும்போது 450 பிக்சல் வரை இடம் மாறிவிடும். இதை எந்த மென்பொருளாலும் ஒட்டமுடியாது. மலையைப் பொருத்தினால் கம்பி உடையும், கம்பியைப் பொருத்தினால் மலை உடையும். ஆகவே கைப்பேசியை ஒரே இடத்தில் நிறுத்தி, அதைச் சுற்றி நீங்கள் நகருங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. அப்படிச் செய்தும் ஒரு சென்டிமீட்டர் பிசகும். அதற்கே கம்பியில் பதினைந்து பிக்சல் வித்தியாசம் வரும். அதைச் சரிசெய்யும் வழி கீழே வருகிறது.

ஹூகினில் ஒட்டுதல்

ஹூகினைத் திறந்து Load images என்பதில் ஐந்து படங்களையும் சேர்த்து, Align என்பதை அழுத்துங்கள். இரண்டு படங்களிலும் இருக்கும் ஒரே பாறை நுனி, ஒரே மரக்கிளை என்று பொதுப் புள்ளிகளை அதுவே தேடிப் பிடித்து, படங்களைத் திருப்பிப் பொருத்தும்.

பொருத்தம் சரியா என்று முன்னோட்டத்தைப் பார்த்து மட்டும் முடிவுசெய்யாதீர்கள். சிறிய அளவில் எல்லாமே அழகுதான். Interface பட்டியலில் Advanced என்று மாற்றி, F3 விசையை அழுத்தினால் புள்ளிகளின் அட்டவணை வரும். அதில் Distance என்ற நெடுவரிசையைப் பெரிய எண் மேலே வருமாறு அடுக்குங்கள். ஒவ்வொரு புள்ளியும் எத்தனை பிக்சல் விலகி நிற்கிறது என்பதே அந்த எண். எனக்குப் பெரும்பாலானவை இரண்டுக்கும் குறைவு. ஏழெட்டு மட்டும் இருபதைத் தாண்டின. சொடுக்கிப் பார்த்தால் எல்லாம் பனிமூட்டத்தின் விளிம்பிலும் தடுப்புக் கம்பியிலும் விழுந்த புள்ளிகள். கொடைக்கானலில் மூட்டம் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலேயே நகர்ந்துவிடுகிறது. அவற்றை நீக்கிவிட்டு மீண்டும் கணக்கிடச் சொன்னேன். மலை விளிம்பு ஒன்றுசேர்ந்துவிட்டது.

அடுத்து Projection, அதாவது சுற்றிலும் விரியும் காட்சியைத் தட்டையான படமாக்கும் முறை. காட்சியின் அகலம் 100 பாகையைத் தாண்டினால் Rectilinear வேண்டாம், இரு முனைகளும் ரப்பர்போல இழுபடும். காட்சியை ஓர் உருளைமேல் சுற்றி விரிக்கும் Cylindrical தேர்ந்தெடுங்கள். தொடுவானம் கோணலாகவோ அலையாகவோ இருந்தால் Move/Drag பக்கத்தில் Straighten இருக்கிறது.

இப்போது கம்பி. என் படத்தில் மூன்றாம், நான்காம் படங்கள் சேருமிடத்தில் மேல்கம்பி ஒரு படிபோல உடைந்து நின்றது. Masks பக்கத்தில் நான்காம் படத்தைத் தேர்ந்து, உடைந்த துண்டைச் சுற்றிக் கோடு வரைந்து Exclude region என்று கொடுத்தேன். அந்த இடம் முழுவதும் மூன்றாம் படத்திலிருந்தே வரும். முகமூடியின் எல்லையைக் கம்பியின் நடுவில் விடாமல், செங்குத்துத் தூணின் விளிம்பில் விடுங்கள். பதினைந்து பிக்சல் பிசகு தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

Crop பக்கத்தில் Autocrop என்று ஒரு பொத்தான் உண்டு. ஓட்டை இல்லாத பெரிய செவ்வகத்தை அது தானே கண்டுபிடிக்கும். அவசரத்துக்கு நல்லது. எனக்கு அது கொடுத்த உயரம் 3150 பிக்சல். மேடைக்கு வேண்டியது 3600. எனவே செவ்வகத்தைக் கையால் இழுத்து, வேண்டிய அளவைவிடச் சற்றுப் பெரிதாக வைத்து, டிஃப் கோப்பாகச் சேமித்தேன். ஜேபெக் வேண்டாம். படமில்லாத இடத்தை ‘வெறுமை’ என்று குறித்துவைக்க அதனால் முடியாது. அடுத்த கட்டத்துக்கு அந்தக் குறிப்புத்தான் தேவை.

ஓரம் ஏன் பிய்ந்து நிற்கிறது?

தட்டையான படத்தை உருளைமேல் சுற்றும்போது அதன் மேல்விளிம்பு வில்லாக வளைகிறது. ஐந்து வில்கள் வரிசையாக நின்றால் நாட்டு ஓடு வேய்ந்த கூரையின் ஓரம்போல இருக்கும். ஆனால் இந்த வளைவு, இரண்டு படங்கள் சேருமிடத்தில் ஐம்பது பிக்சல்தான். மீதியெல்லாம் கையின் நடுக்கம். கைப்பேசி ஒரு பாகை கீழே சாய்ந்தால் ஐம்பது பிக்சலுக்கு மேல் போய்விடும். என் நான்காம் படம் ஐந்து பாகை தொங்கியிருந்தது. விளைவு: மேலே வானத்தில் ஒரு பள்ளம். படங்கள் வலப்பக்கம் போகப்போக மேலேறியதால், வலது கீழ்மூலையில் முக்கோணமாக ஓர் ஓட்டை.

கிம்பில் நிரப்புதல்

இதற்கு ரீசிந்தசைசர் என்ற நீட்சியைக் கிம்போடு தனியே நிறுவவேண்டும். நிறுவியதும் Filters பட்டியலின் Enhance என்பதற்குள் Heal Selection வந்திருக்கும்.

முதலில் படத்தை 7200 × 3600க்கு வெட்டிவிடுங்கள். எப்படியும் தூக்கியெறியப்போகும் ஓரத்தை நிரப்பி நேரத்தை வீணாக்கவேண்டாம். பிறகு இந்த வரிசை:

1. Layer → Transparency → Alpha to Selection. படமுள்ள பகுதி தேர்வாகும்.
2. Select → Invert. இப்போது ஓட்டைகள் தேர்வாகியிருக்கும்.
3. Select → Grow, 10 பிக்சல். ஒட்டிய படத்தின் கடைசி வரிப் பிக்சல்கள் அரைகுறையாக வெளிறியிருக்கும். இதை விட்டால் நிரப்பிய இடத்தைச் சுற்றிப் பென்சில் கோடு போட்டதுபோல விளிம்பு தெரியும்.
4. Select → Save to Channel. தேர்வு பத்திரமாக இருக்கட்டும். பிறகு Layers பலகையில் படத்தின் அடுக்கை மீண்டும் சொடுக்குங்கள்.
5. Layer → Transparency → Remove Alpha Channel. ஓட்டைகள் ஏதோ ஒரு நிறத்தில் நிரம்பும். வெற்றுப் பிக்சலை நீட்சி நிரப்பாமல் விட்டுவிடக்கூடும் என்பதால்தான் இது.

எல்லா ஓட்டைகளையும் ஒரே அடியில் நிரப்பாதீர்கள். நீட்சி செய்வது, சுற்றியிருக்கும் பகுதியிலிருந்து சிறுசிறு துண்டுகளை எடுத்துப் பொருத்துவது மட்டுமே. எங்கிருந்து எடுக்கவேண்டும் என்பது ஒவ்வோர் ஓட்டைக்கும் வேறு.

வானப் பள்ளத்தை மட்டும் தேர்ந்து, முதலில் இயல்பான அமைப்பிலேயே ஓட்டிப் பார்த்தேன். தொடுவானத்தை நோக்கி வானம் வெளுத்துக்கொண்டே போகும் அல்லவா? கீழேயிருந்த வெளிர்ந்த துண்டுகளை எடுத்து மேலே வைத்துவிட்டது. நீலச் சட்டையில் சுண்ணாம்பு பட்டதுபோல ஒரு திட்டு. Ctrl+Z. இரண்டாம் முறை Sample from என்பதில் Sides என்று மாற்றி, அகலத்தை 50இலிருந்து 80 ஆக்கினேன். அதே உயரத்திலிருக்கும் வானம் பக்கவாட்டிலிருந்து வந்தது. இப்போது பள்ளம் எங்கே இருந்தது என்று எனக்கே தேடவேண்டியிருக்கிறது.

வலது கீழ்மூலையில் புல்லும் புதரும். ஒழுங்கில்லாத இலைக்கூட்டம் என்பதால் All around என்று விட்டாலே நன்றாக நிரம்பியது. ஆனால் அந்த மூலையின் வழியே தடுப்புக் கம்பியும் போகிறது. நீட்சிக்குக் கம்பி என்றால் என்னவென்று தெரியாது. முனை உருகி, புல்லுக்குள் சொட்டி நிற்கும் ஒன்றைச் செய்து கொடுத்தது. நேர்கோடு உள்ள எதையும் இதனிடம் ஒப்படைக்கக்கூடாது. புல்லை நிரப்பியபின் Clone கருவியை எடுத்து, நல்ல கம்பியின் மேல் Ctrl அழுத்திச் சொடுக்கி மூலமாக்கினேன். தொடங்கவேண்டிய இடத்தில் ஒரு சொடுக்கு, பின் Shift அழுத்தியபடி முடியவேண்டிய இடத்தில் ஒரு சொடுக்கு. கம்பி நேராக நீண்டது.

சரிபார்க்க, படத்தை இடவலமாகத் திருப்பிச் சிறிதாக்கிப் பாருங்கள். பழகிய கண்ணுக்குத் தெரியாதது அப்போது தெரியும். எனக்கு ஒரே புதர் இரண்டு இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் முளைத்திருந்தது. கணினியில் நூறு பிக்சல் அற்பம், பின்திரையில் அது மூன்று அங்குலத்துக்கு மேல். ஒன்றின் மேல் வேறோர் இலைக்கொத்தைக் குளோன் செய்து மாற்றினேன்.

அச்சிடக் கொடுக்கும் முன் ஃபிளெக்ஸ் கடையில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வளையம் அடிக்க ஓரத்தில் எவ்வளவு மடிப்பார்கள்? எங்கள் ஊர்க் கடையில் மூன்று அங்குலம் என்றார்கள். அதாவது நான்கு பக்கமும் 90 பிக்சல். அரைமணி நேரம் உட்கார்ந்து நான் நீட்டிய கம்பியில் பெரும்பகுதி அந்த மடிப்புக்குள் போய்விட்டது.