நாவல் கொட்டைப் பொடி, சிறுகுறிஞ்சான்: மாத்திரையோடு சேர்க்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

அத்தைக்கு 64 வயது. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. காலையில் கிளிமிபிரைடு 2 மில்லிகிராமும் மெட்ஃபார்மினும் சேர்ந்த ஒரே மாத்திரை. பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று நாட்டு மருந்துக் கடையில் நாவல் கொட்டைப் பொடியும் சிறுகுறிஞ்சான் இலைப் பொடியும் வாங்கி, இரண்டையும் கலந்து காலை, மாலை வெறும் வயிற்றில் ஒரு கரண்டி வெந்நீரில் குடிக்க ஆரம்பித்தார். மூன்று வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 170-லிருந்து 112-க்கு வந்தது. வீடே சந்தோஷப்பட்டது. அடுத்து வந்த ஏகாதசியில் மாத்திரையையும் பொடியையும் விடாமல் எடுத்துக்கொண்டு, சாப்பாட்டை மட்டும் விட்டுவிட்டார். பதினொரு மணிக்குப் பூஜை அறை வாசலில் உட்கார்ந்தபடி, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். ரவிக்கை முழுக்க வியர்வை. கருவியில் பார்த்தால் 48.

இதில் பொடியின் பங்கு எவ்வளவு, பட்டினியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. மாத்திரை, பொடி, பட்டினி மூன்றும் ஒரே பக்கம் இழுத்தன, அவ்வளவுதான். ஆனால் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை ஒருமுறை வாசித்திருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம்.

அட்டையைப் பார்க்காமல் பொடி தொடங்குவது

எல்லாச் சர்க்கரை மாத்திரையும் ஒன்றல்ல. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவை அப்படியல்ல. நீங்கள் சாப்பிட்டீர்களா, இல்லையா என்று பார்க்காமல் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளுவதுதான் இவற்றின் வேலை. கிளிமிபிரைடின் வேகம் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க இருக்கும். சிறுநீரகம் தளர்ந்த வயதானவர்களுக்கு அதற்கும் மேல் நீளலாம்.

நம் ஊரில் பலர் சாப்பிடுவது இரண்டு, மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை. கேட்டால் 'மெட்ஃபார்மின்தான்' என்பார்கள். பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை வாசியுங்கள். 'கிளி' என்று தொடங்கும் பெயர் அங்கே இருந்தாலோ, இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டாலோ, டாக்டரிடம் சொல்லாமல் எந்தப் பொடியையும் சேர்க்கக் கூடாது.

ஆய்வு இருக்கிறது என்பதை மட்டும் கேட்டுக்கொள்வது

சிறுகுறிஞ்சானைப் பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு நம் சென்னையிலேயே நடந்தது. 1990-இல் வெளியானது. மாத்திரை சாப்பிட்டுவந்த 22 பேருக்கு அந்த இலையின் சாறிலிருந்து எடுத்த சத்தை தினம் 400 மில்லிகிராம் வீதம் ஒன்றரை வருடத்துக்கும் மேலாகக் கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்தது. ஐந்து பேர் மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு வந்தார்கள்.

இந்த ஐந்து பேர் கதைதான் ஊரெல்லாம் சுற்றுகிறது. அவர்களுக்கு மாத்திரை குறைக்கப்பட்டது மருத்துவர் கண்காணிப்பில் என்பது கூடவே வருவதில்லை. அந்த ஆய்வில் யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று குலுக்கல் முறையில் பிரிக்கவும் இல்லை. அவர்கள் கொடுத்தது கெட்டியாக்கிய சத்து, கடையில் கிடைப்பது காய்ந்த இலையின் தூள். அதனால் 400 மில்லிகிராம் என்ற கணக்கை உங்கள் கரண்டிக்கு மாற்றவே முடியாது.

நாவல் கொட்டைக்கு, தினம் 10 கிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வு உண்டு. வெறும் வயிற்றுச் சர்க்கரை மிதமாகக் குறைந்தது. நாவல் இலையைத் தேநீராகக் கொடுத்துப் பிரேசிலில் முறையாகச் செய்த ஆய்வில் பலனே இல்லை. 2004-இல் வெளியான அந்த ஆய்வில், ஒப்பிடுவதற்காகக் கொடுத்த கிளிபென்கிளமைடு சர்க்கரையைக் குறைத்தது. ஒரே மரம்தான், பகுதி மாறினால் முடிவும் மாறுகிறது. என் கணிப்பில் சிறுகுறிஞ்சான், நாவல் கொட்டை இரண்டுமே கொஞ்சம் உதவக்கூடும். மாத்திரைக்குப் பதிலாக நிற்கும் அளவுக்கு இதுவரை எதுவும் நிரூபணமாகவில்லை.

அதனால் மாத்திரையை நீங்களாக நிறுத்துவதும் தவறு, முழு மாத்திரையின் மேல் பொடியை ஏற்றுவதும் தவறு. வேண்டுமென்றால் ஒரு பொடியை மட்டும் எடுங்கள். கரண்டியைத் தலைதட்டி, தினமும் ஒரே அளவாகப் போடுங்கள். முதல் இரண்டு வாரம் காலையில் வெறும் வயிற்றில், மதியச் சாப்பாட்டுக்கு முன், படுக்கும் முன் பார்த்து எழுதி வையுங்கள். 100-க்குக் கீழே அடிக்கடி வந்தால், மாத்திரையைக் குறைக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டிய நேரம் அது. அத்தையின் 112 அந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தது. நாங்கள் அதை வெற்றி என்று மட்டும் பார்த்தோம்.

இறங்கும்போது செய்யும் தவறுகள்

70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, குளிர்ந்த வியர்வை, பிறகு குழப்பம். ரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம். அவர்களுக்கு வியர்வைதான் துப்பு.

மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இங்கே சிறுகுறிஞ்சான் ஒரு வேடிக்கை செய்கிறது. அதன் இலை நாக்கில் பட்டால் அரை மணி நேரத்துக்கும் மேலாக இனிப்பே தெரியாது, சர்க்கரை மணல் மாதிரி இருக்கும். கடையில் வாங்கியது அசலா என்று பார்க்கவும் இதையே செய்வார்கள். பொடி குடித்த சற்று நேரத்தில் சர்க்கரை இறங்கினால், கொடுத்த தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று துப்பிவிடுவார்கள். துப்ப விடாதீர்கள். நாக்குக்குத் தெரியாவிட்டாலும் அந்தச் சர்க்கரை ரத்தத்தில் ஏறும்.

மாத்திரையில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் சேர்ந்திருந்தால் கதை வேறு. அவை சாதாரணச் சர்க்கரை குடலில் உடைவதையே தாமதப்படுத்தும். அவர்களுக்கு மெடிக்கலில் கிடைக்கும் குளுக்கோஸ் பவுடர்தான் சரி. ஒரு பாக்கெட் வீட்டில் இருக்கட்டும்.

நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

அத்தைக்குக் கால் மணி நேரத்தில் 86 ஆனது. 'சரியாயிடுச்சு' என்று படுக்க வைத்தோம். சாயங்காலம் நாலரை மணிக்கு மறுபடி வியர்த்தது, 61. காலையில் போட்ட கிளிமிபிரைடு இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. இந்த வகை மாத்திரையால் இறங்கினால், ஏறியதும் சாப்பாடு கொடுத்து, அன்று முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். வயதானவர் என்றால் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பதே நல்லது. நாங்கள் அன்றிரவு போனோம், மறுநாள் மதியம்தான் விட்டார்கள். அட்டையோடு பொடி டப்பாவையும் எடுத்துப் போயிருந்ததால் டாக்டருக்கு உடனே புரிந்தது. பொடியை நிறுத்தி, கிளிமிபிரைடை 1 மில்லிகிராமாகக் குறைத்து, விரத நாளில் காலை மாத்திரை வேண்டாம் என்று அட்டையிலேயே எழுதிக் கொடுத்தார்.