ஆங்கிலச் செயப்பாட்டு வாக்கியத்தைத் தமிழாக்கும்போது ‘படு’ எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

மொழிபெயர்ப்புப் பயிற்சியில் ‘தி டேம் வாஸ் பில்ட் இன் 1955’ என்ற வாக்கியம் வந்தால், தொடக்கநிலை மாணவர்கள் பெரும்பாலும் யோசிக்காமல் ‘அணை 1955இல் கட்டப்பட்டது’ என்று எழுதிவிடுகிறார்கள். இலக்கணப்படி அதில் பிழையில்லை. ஆனால் பவானிசாகரில் போய் அணையைப் பற்றிக் கேட்டால், ‘இந்த அணையை அம்பத்தஞ்சுல கட்டி முடிச்சாங்க’ என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலிலும் அணைதான் முன்னே நிற்கிறது, கட்டியவர் பெயரும் இல்லை. இருந்தும் ‘படு’ தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் எழுவாய் வினைக்கு முன்னும் செயப்படுபொருள் வினைக்குப் பின்னும் நின்றாக வேண்டும் என்பதால், செயப்படுபொருளை முன்னே கொண்டுவர வினையையே மாற்ற வேண்டியிருக்கிறது. தமிழில் ‘ஐ’ உருபு இருப்பதால் ‘அணையை’ எங்கே நின்றாலும் அது செயப்படுபொருள்தான். ஆகவே, ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினை வந்திருக்கிறது என்பது மட்டுமே தமிழில் ‘படு’ சேர்ப்பதற்குக் காரணமாகாது.

முதல் படி: செய்தவர் யார் என்று பாருங்கள்

ஆங்கில வாக்கியத்தின் இறுதியில் ‘பை’ என்ற சொல்லோடு செய்தவர் பெயர் இருந்தால், அதைச் செய்வினையாக எழுதிப் பார்ப்பதே நல்லது. 1283இல் வெட்டி முடித்ததாகச் சொல்லப்படும் காளிங்கராயன் வாய்க்காலை எடுத்துக்கொள்வோம். ‘வாய்க்கால் காளிங்கராயனால் வெட்டப்பட்டது’ என்று எழுதுவதைவிட ‘வாய்க்காலைக் காளிங்கராயன் வெட்டினார்’ என்று எழுதினால், வாய்க்கால் முதலில் வரும் வரிசையும் கெடாது, வாக்கியமும் இறுக்கமாக இருக்கும். மேலும், ‘ஆல்’ உருபு கருவியையும் குறிக்கும்; ‘கடப்பாரையால் வெட்டப்பட்டது’ என்பதும் அதே அமைப்புதான். ஒரே வாக்கியத்தில் செய்தவருக்கும் கருவிக்கும் ‘ஆல்’ வந்தால் படிப்பவர் தடுமாறுவார்.

செய்தவர் பெயர் இல்லையென்றால், பேச்சு வழக்கில் உள்ளது போலவே ‘கட்டினார்கள்’, ‘சொல்கிறார்கள்’ என்று எழுவாயைச் சொல்லாமல் பலர்பாலில் முடிக்கலாம். மேலே நான் ‘சொல்லப்படும்’ என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். சொல்பவர் இன்னார் என்று சுட்ட முடியாத வழக்கு அது என்பதால், அங்கே ‘படு’ இயல்பாகப் பொருந்துகிறது.

இரண்டாம் படி: தன்வினை இருக்கிறதா என்று தேடுங்கள்

மாணவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இதுதான். தமிழில் பல வினைகள் இணையாக இருக்கின்றன: உடைந்தது, உடைத்தது; திருந்தியது, திருத்தியது; காய்ந்தது, காய்ச்சியது. ஆங்கிலச் செயப்பாட்டு வாக்கியத்துக்கு ஒவ்வோர் இணையிலும் முதலாவதாக நிற்கும் தன்வினையே பல நேரங்களில் போதும். ஆனால் தன்வினையும் ‘படு’ சேர்ந்த வடிவமும் ஒரே பொருள் தருவதில்லை. வாய்க்கால் கரையைப் பற்றி ஆங்கிலத்தில் ‘வாஸ் புரோக்கன்’ என்று வந்தால், மழைவெள்ளத்தில் போனதா, யாராவது வேண்டுமென்றே செய்தார்களா என்பதை அந்த வினை மட்டும் சொல்லாது. தமிழில் ‘கரை உடைந்தது’ என்றால் வெள்ளம். ‘கரை உடைக்கப்பட்டது’ என்றால் ஓர் ஆள் மீது குற்றச்சாட்டு. ஆகவே முன்பின் வாக்கியங்களைப் படித்த பிறகே தேர்ந்தெடுக்க வேண்டும். அதே காரணத்தால், ‘மதகு திறந்தது’ என்று எழுதினால் தானாகத் திறந்துகொண்டது போலத் தோன்றும். பொதுப்பணித் துறையினர் திறந்த செய்திக்கு ‘மதகு திறக்கப்பட்டது’ என்பதே சரி.

செயப்படுபொருளைச் செய்தது போலவே சொல்லும் வழக்கையும் தமிழ் இலக்கணம் பழங்காலத்திலேயே ஏற்றிருக்கிறது. தொல்காப்பிய உரைகாரர்கள் இதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு ‘திண்ணை மெழுகிற்று’ என்பது. திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொள்ளாது என்பது யாருக்கும் தெரியும். இன்றும் சந்தையில் ‘தேங்காய் நல்ல விலைக்கு வித்துதுங்க’ என்கிறோம்; ‘விற்கப்பட்டது’ என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

மூன்றாம் படி: ‘படு’ வேண்டும் என்று முடிவுசெய்தால்

வினையின் செய என்னும் எச்சத்தோடு ‘படு’ சேர வேண்டும். இடையில் ‘ப்’ மிகும். கட்ட, கட்டப்பட்டது; விற்க, விற்கப்பட்டது; செய்ய, செய்யப்படுகிறது; ஏற்க, ஏற்கப்படும். எழுதி முடித்ததும் இரண்டு இடங்களைச் சரிபார்த்தால் போதும். ‘ஐ’ உருபு போய்விட்டதா என்பது ஒன்று: ‘மாணவர்களை அழைக்கப்பட்டனர்’ என்பது செய்வினையும் செயப்பாட்டு வினையும் கலந்த பிழை. வினைமுற்று புதிய எழுவாயோடு ஒத்துப்போகிறதா என்பது மற்றொன்று: ‘மாடுகள் விற்கப்பட்டது’ அன்று, ‘விற்கப்பட்டன’.

ஆங்கிலத்தில் பெறுபவரே எழுவாயாக நிற்கும் வாக்கியங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஈரோடு மஞ்சள் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. இதை ஆங்கிலத்தில் ‘ஈரோடு டர்மெரிக் வாஸ் கிவன்’ என்று தொடங்கலாம். அப்படியே வரிசை மாற்றாமல் ‘ஈரோடு மஞ்சள் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது’ என்று எழுதினால் தமிழ் வாக்கியம் நொண்டும். பெறுபவருக்குத் தமிழில் ‘கு’ உருபு வர வேண்டும்: ‘ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.’ ‘கிடைத்தது’ என்று எழுதினால் இன்னும் எளிது. ‘நான் சொல்லப்பட்டேன்’ என்ற பிழையும் இந்த வகைதான். ‘என்னிடம் சொன்னார்கள்’ என்பதே தமிழ்.

‘படு’ இருந்தாலே செயப்பாட்டு வினை என்றும் நினைத்துவிட வேண்டாம். பெயர்ச்சொல்லோடு சேரும் ‘படு’ வேறு: கவலைப்பட்டார், ஆசைப்பட்டார், கடன்பட்டார். ‘அவருக்கு அடிபட்டது’ என்றால் வண்டியிலிருந்து விழுந்திருக்கலாம். ‘அவர் அடிக்கப்பட்டார்’ என்றால் அடித்த ஓர் ஆள் இருக்கிறார். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால், விபத்துச் செய்தி அடிதடி வழக்காகிவிடும்.

ஒரு பத்தியைச் செய்து பார்ப்போம்

மஞ்சளைப் பற்றிய ஓர் ஆங்கிலப் பத்தியில் எல்லா வினைகளும் செயப்பாட்டு வினைகள் என்று வைத்துக்கொள்வோம். சொல்லுக்குச் சொல் மாற்றினால் இப்படி வரும்: ‘கிழங்குகள் வேகவைக்கப்பட்டு, உலர்த்தப்பட்டு, மெருகேற்றப்படுகின்றன. அவை தரம் பிரிக்கப்பட்டு ஈரோட்டுக்குக் கொண்டுசெல்லப்படுகின்றன. விலை ஏலத்தால் தீர்மானிக்கப்படுகிறது. ஈரம் மிகுந்த மூட்டைகள் ஏற்கப்படமாட்டா.’

முதல் இரண்டு வாக்கியங்களில் செய்பவர்கள் விவசாயிகள் என்பது வெளிப்படை. எனவே ‘கிழங்கை வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றுகிறார்கள், பிறகு தரம் பிரித்து ஈரோட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்’ என்று மாற்றலாம். தமிழ் வினையெச்சங்கள் செயல்களை வரிசையாகக் கோத்துக்கொண்டு போகும். ஒவ்வொன்றிலும் ‘பட்டு’ நுழைந்தால் அந்த ஓட்டம் தடைபடுகிறது. மூன்றாம் வாக்கியத்தில் ஏலம் என்பது ஆளும் அன்று, கருவியும் அன்று, நிகழிடம். ‘ஏலத்தில் விலை முடிவாகிறது’ என்ற தன்வினையே போதும்.

நான்காவதை மட்டும் நான் தொடமாட்டேன். அது கிடங்கு வாசலில் தொங்கும் அறிவிப்பின் மொழி. ‘ஏற்கமாட்டோம்’ என்று எழுதினால் யாரோ ஒருவர் பேசுவது போலாகி, அவரிடம் கெஞ்சிப் பார்க்கலாம் என்று தோன்றும். ‘ஏற்கப்படமாட்டா’ என்றால் அது விதி.