புதிய சப்ளையரைச் சேர்க்கும் முன்

கொழிஞ்சாம்பாறையில் எண்ணெய் ஆலை நடத்தும் ஒருவர், பொள்ளாச்சியில் புதிதாக ஒருவரிடம் கொப்பரை வாங்கப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஜிஎஸ்டி எண்ணை வாங்குங்கள். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33 என்று தொடங்கும். கேரளம் என்றால் 32. அதை gst.gov.in தளத்தில் Search Taxpayer பகுதியில் இட்டால் உரிமையாளர் பெயரும் பதிவின் நிலையும் தெரியும். வங்கிக் கணக்கும் அதே பெயரில் இருக்க வேண்டும்.

அங்கேயே அவர் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற வரிக் கணக்கைத் தாக்கல் செய்த தேதிகளும் இருக்கும். என்னைக் கேட்டால், பணநிலையைக் காட்டும் நல்ல கண்ணாடி இதுதான். மாதந்தோறும் தாக்கல் செய்பவருக்கு அடுத்த மாதம் 20-ஆம் தேதி கெடு. தொடர்ந்து பல மாதங்கள் தாமதம் என்றால், கையில் பணம் சுழலவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். அவர் வரி கட்டாவிட்டால் உங்கள் உள்ளீட்டு வரி வரவும் சிக்கலாகும். அப்படிப்பட்டவர் முன்பணமும் கேட்டால் விலகிவிடுங்கள்.

அவர் தரும் வாடிக்கையாளர்கள் நல்லதையே சொல்வார்கள். வாங்குவதை நிறுத்திய ஒருவரைத் தேடிப்பிடித்து, எடைக்குறைவு வந்தபோது சப்ளையர் என்ன செய்தார் என்று மட்டும் கேளுங்கள்.

பிறகு சோதனைக்குப் பத்து மூட்டை. மேல் மூட்டையை விட்டுவிட்டு, நடுவில் இருப்பதைப் பிரித்து அடிவரை கொட்டிப் பாருங்கள். ஆலைக் கொப்பரையில் ஈரப்பதம் 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; தாண்டினால் பூஞ்சை பிடிக்கும், எண்ணெயும் குறையும். முதல் லோடை எல்லோரும் பொறுக்கி அனுப்புவார்கள். ஆகவே இரண்டாவது லோடையும் இதேபோல் பார்த்த பிறகே கடன் கணக்கைத் தொடங்குங்கள்.