மினிமம் கட்டினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு

கிரெடிட் கார்டு வாங்கிய புதிதில் பலரும் ஸ்டேட்மென்ட்டில் இரண்டே இடங்களைப் பார்க்கிறார்கள்: கெடு தேதி, கட்ட வேண்டிய தொகை. கணக்கு எழுதும் வேலையில் இருப்பதால் அந்தத் தாள்கள் என்னிடமும் வந்துகொண்டே இருக்கின்றன. கெடுவை மறப்பது, செலவைச் சரிபார்க்காமல் விடுவது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எனக்கு இன்றும் எரிச்சல் தருவது வேறொன்று.

குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் ‘மினிமம் அமவுண்ட் டியூ’வை மாதத் தவணையாக எண்ணுவது

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், “அண்ணா, ஒழுங்காகத்தான் கட்டினேன், கடன் எப்படிக் கூடியது?” என்று கேட்டார். அவருடைய கணக்கை முழுத் தொகைகளாக்கித் தருகிறேன்.

மார்ச் 15 அன்று 40,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கினார். ஏப்ரல் 10 ஸ்டேட்மென்ட்டில் மொத்த நிலுவை 40,000, மினிமம் 2,000, கெடு ஏப்ரல் 30. கெடு நாளில் 2,000 கட்டினார். நடுவில், ஏப்ரல் 20 அன்று, அதே கார்டில் இன்னொரு 10,000 செலவழித்தார். வட்டி மாதம் 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42.

மீதமுள்ள 38,000 ரூபாய்க்கு மே மாதம் முதல்தான் வட்டி ஓடும் என்று அவர் நினைத்தார். அப்படி இல்லை. மொத்த நிலுவையைக் கெடுவுக்குள் முழுதாகக் கட்டினால் மட்டுமே வட்டியில்லாச் சலுகைக் காலம் உண்டு. கட்டாவிட்டால் அது தொடக்கத்திலிருந்தே ரத்தாகிறது. வட்டி பொருள் வாங்கிய நாளுக்கே பின்னோக்கிப் போகிறது. ஆகவே மார்ச் 15 முதல் ஏப்ரல் 30 வரை 46 நாளுக்கு, 40,000 முழுதுக்கும் வட்டி 2,117 ரூபாய். பிறகு மே 10 வரை பத்து நாளுக்கு 38,000 ரூபாய்க்கு 437. புதிய 10,000 ரூபாய்க்கும் சலுகைக் காலம் கிடையாது. வாங்கிய அன்றே வட்டி தொடங்கி, இருபது நாளுக்கு 230.

மூன்றும் சேர்ந்து சுமார் 2,785. இதுதான் ஸ்டேட்மென்ட்டில் ‘ஃபைனான்ஸ் சார்ஜஸ்’ என்று வரும் தொகை. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 501. ஆக 3,286 ரூபாய். அவர் கட்டிய 2,000 வட்டிக்கும் வரிக்குமே போதவில்லை. மே 10 ஸ்டேட்மென்ட்டில் மொத்த நிலுவை 51,286.

மினிமம் கட்டுவதால் தாமதக் கட்டணம் விழாது, கடன் வரலாற்றில் ‘கெடு தவறியவர்’ என்று பதிவாகாது. அதற்கு மேல் அதற்கு வேறு பயன் இல்லை. இதே தம்பி 38,000 கட்டி 2,000 மட்டும் பாக்கி வைத்திருந்தாலும், அந்த 46 நாளுக்கான 2,117 அப்படியே விழுந்திருக்கும். கையில் முழுத் தொகை இல்லையென்றால், உடனே அந்தக் கார்டில் செலவை நிறுத்துங்கள். கிடைக்கும் பணத்தைக் கெடு நாள்வரை வைத்திருக்காமல் அன்றன்றே கட்டுங்கள். வட்டி நாள் கணக்கில் ஓடுவதால் ஒவ்வொரு நாளும் மிச்சம்தான். கெடுவுக்கு முன்பே தவணைக்கு மாற்ற முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். பெரும்பாலும் அதன் வட்டி இதைவிடக் குறைவு.

முழுதாகக் கட்டிய பிறகும் வரும் வட்டி

அந்தத் தம்பி மே 30 அன்று 51,286 ரூபாயையும் கட்டித் தீர்த்தார். ஜூன் ஸ்டேட்மென்ட்டில் மீண்டும் சுமார் 1,105 ரூபாய் வட்டியும் 199 ரூபாய் வரியும் இருந்தன. ஏமாற்றுகிறார்கள் என்று கொதித்துப் போனார். ஏமாற்று இல்லை. மே 10 முதல் மே 30 வரை 48,000 ரூபாய் பாக்கி இருந்த இருபது நாளுக்கான வட்டி அது. அதையும் கட்டி முடித்தால்தான் சலுகைக் காலம் திரும்பும். சின்னத் தொகைதானே என்று விட்டால், கதை முதலிலிருந்து தொடங்கும்.

‘கேஷ் அட்வான்ஸ்’ என்ற பதிவு

கிரெடிட் கார்டால் ஏடிஎம்மில் பணம் எடுக்காதீர்கள். முழு நிலுவையும் கட்டுபவருக்குக்கூட இதில் சலுகைக் காலம் இல்லை. எடுத்த நாளிலிருந்தே வட்டி. அதோடு தனிக் கட்டணம். குறைந்தபட்சக் கட்டணம் 500 ரூபாய் உள்ள கார்டில் 5,000 எடுத்தால், வரியோடு 590 ரூபாய் முதலிலேயே போய்விடும்.

தாமதக் கட்டணம்

கெடு முடிந்து மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் விதிக்கலாம். இது ரிசர்வ் வங்கி விதி.

கட்டணங்களின் மேல் வரி

பொருள் வாங்கிய தொகைக்கு இங்கே ஜிஎஸ்டி வராது. வட்டி, தாமதக் கட்டணம், ஆண்டுக் கட்டணம், பணம் எடுத்த கட்டணம் ஆகியவற்றின் மேல்தான் வரும். எனவே, ஜிஎஸ்டி வரி கண்ணில் பட்டால் அதன் தொகையை 0.18-ஆல் வகுத்துப் பாருங்கள். அந்த மாதம் வங்கி உங்களிடம் வாங்கிய கட்டணமும் வட்டியும் எவ்வளவு என்று தெரிந்துவிடும். 501 என்றால் சுமார் 2,785. அதே தொகைக்குக் கட்டணமும் வட்டியும் ஸ்டேட்மென்ட்டில் காணப்படவில்லையென்றால், எந்த மாதக் கட்டணத்துக்கான வரி என்று எழுத்தில் கேளுங்கள். வங்கி ஒரு கட்டணத்தைத் திருப்பித் தரச் சம்மதித்தால், அதன் வரியும் தனி வரவாக வந்திருக்கிறதா என்று அடுத்த ஸ்டேட்மென்ட்டில் பாருங்கள்.