பழைய பீங்கான் ஃபியூஸ் கட்டையில் எரிந்துபோன கம்பியைச் சரியான ஆம்பியரில் மாற்றுவது எப்படி?

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்து ஓட்டு வீடுகளில் இன்னும் ரேழிச் சுவரில் ஒரு மரப்பலகை இருக்கும். அதில் ஒரு இரும்பு மெயின் சுவிட்ச், பக்கத்திலேயே நாலைந்து வெள்ளைப் பீங்கான் கட்டைகள். கடையில் கேட்டால் கிட்கேட் என்பார்கள். ஐப்பசி மழையில் ஒரு நாள் ஹாலில் மட்டும் விளக்கும் ஃபேனும் நின்றுபோய், மற்ற அறைகளில் கரண்ட் இருந்தால், அந்தக் கட்டைகளில் ஒன்றின் கம்பி போயிருக்கிறது என்று அர்த்தம். கம்பியை மாற்றுவது பத்து நிமிட வேலைதான். எந்தக் கம்பியைப் போடுவது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். அதனால் அந்த இடத்தில் நிறைய நேரம் நிற்கப்போகிறேன்.

இது ஒரு ஃபேஸ் வரும் வீட்டு இணைப்புக்கு மட்டும். பம்புசெட் கொட்டகையில் இருக்கும் மூன்று ஃபேஸ் கட்டைகளுக்கு இது போதாது. அங்கே ஒரு ஃபியூஸ் மட்டும் போய் மோட்டார் இரண்டு ஃபேஸில் ஓடினால் காயில் கருகிவிடும். அதைத் தெரிந்த வயர்மேன் பார்க்கட்டும். மீட்டருக்கு முன்னால் சீல் வைத்திருக்கும் கட்-அவுட்டும் மின்வாரியத்துடையது. அது போயிருந்தால் மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள், நீங்கள் தொடாதீர்கள்.

முதலில் கரண்டை நிறுத்துவது

மெயின் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் ஆஃப் செய்யுங்கள். நம் ஊரில் இன்வெர்ட்டர் இல்லாத வீடு குறைந்துவிட்டது. மெயினை நிறுத்திய அடுத்த நொடியே அது ஹால் லைனுக்குக் கரண்ட் அனுப்ப ஆரம்பித்துவிடும். மெயினை நிறுத்தியாகிவிட்டது என்ற நம்பிக்கையில் கை வைப்பவருக்கு ஷாக் அடிப்பது இப்படித்தான்.

மெயின் சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும், மீட்டரிலிருந்து வரும் வயர் அதற்குள் வந்து சேரும் முனைகளில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே மெயின் பெட்டி மூடியைத் திறக்க வேண்டாம். நமக்கு வேலை வெளியே இருக்கும் கட்டையில் மட்டும்தான்.

ரேழித் தரை மழைக்காலத்தில் ஊறிப்போயிருக்கும். உலர்ந்த ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, ஒரு மரப்பலகை மேல் நின்றுகொள்ளுங்கள். கை ஈரமில்லாமல் இருக்கட்டும். கட்டையின் பீங்கான் பகுதியை மட்டும் பிடித்து நேராக உங்கள் பக்கம் இழுத்தால் கழன்று வந்துவிடும். அப்புறம் சுவரில் இருக்கும் அடிப்பகுதியின் இரண்டு பித்தளைத் தாடைகளிலும் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். ஒன்றிலும் எரியக் கூடாது. அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்பதை மெயினை நிறுத்துவதற்கு முன்பே, கரண்ட் இருக்கும் ஒரு பிளக் பாயின்ட்டில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். எரியாத டெஸ்டரை நம்புவதைவிட டெஸ்டர் இல்லாமல் இருப்பதே மேல்.

எரிந்த கம்பியைப் படிப்பது

பழைய கம்பியை உடனே பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். என்ன நடந்தது என்பதை அது சொல்லும்.

நடுவில் மட்டும் உருகி, இரண்டு முனைகளிலும் குண்டூசித் தலை மாதிரி சிறு மணி நின்றால், லைனில் லோடு கூடிவிட்டது. கம்பியே காணாமல் போய், பீங்கானின் பள்ளம் முழுக்கக் கரி படிந்து, செம்புத் துளிகள் தெறித்திருந்தால் எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதுக் கம்பி போட்டால் அதுவும் போகும். திருகாணிக்குப் பக்கத்தில் மட்டும் கறுத்து அங்கேயே அறுந்திருந்தால், லோடு கூடவில்லை, இணைப்புதான் தளர்ந்திருக்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் மாதிரி உப்புக் காற்று அடிக்கும் ஊர்களில் பித்தளையில் பச்சைக் களிம்பு பிடித்து இந்த மூன்றாவது வகை அடிக்கடி வரும்.

எத்தனை ஆம்பியர்?

ஃபியூஸ் காப்பாற்றுவது டிவியையோ ஃபிரிட்ஜையோ அல்ல. சுவருக்குள் ஓடும் வயரை. அந்த வயர் சூடாகி இன்சுலேஷன் உருகும் முன்பு இந்தக் கம்பி உருகிவிட வேண்டும். அதனால் மூன்று விஷயங்களைப் பார்த்து, மூன்றில் சிறியதை எடுக்க வேண்டும்: கட்டையில் அச்சிட்டிருக்கும் ஆம்பியர், அந்த லைன் வயர் தாங்கும் ஆம்பியர், அந்த லைனில் வழக்கமாக ஓடும் லோடைத் தாங்கும் கம்பிகளில் சிறியது. கட்டையில் 15 என்று இருந்தால் 15 ஆம்பியர் கம்பிதான் போட வேண்டும் என்று அர்த்தமில்லை. அதற்கு மேல் போகக் கூடாது என்றுதான் அர்த்தம்.

திருவாரூர் பக்கத்தில் என் அத்தை வீட்டு ஹால் லைனை வைத்தே கணக்குப் போடுவோம். ஃபேன் ஆறு, ஒவ்வொன்றும் 75 வாட், மொத்தம் 450. டியூப் லைட் நாலு, 160 வாட். டிவி 100 வாட். எல்லாம் சேர்த்து 710 வாட். இதை 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 3.1 ஆம்பியர். அதற்கு 5 ஆம்பியர் கம்பி தாராளம். அதுதான் போட்டும் இருந்தது. அது ஏன் போனது?

கம்பியில் மணி மணியாக நின்றது, அதாவது லோடு. விசாரித்தால், விருந்தாளிகள் வந்த அன்று ஹால் பாயின்ட்டிலேயே 1000 வாட் இஸ்திரிப் பெட்டியும், மல்ட்டி பிளக் போட்டு 1500 வாட் கெட்டிலும் ஒன்றாக ஓடியிருக்கின்றன. இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 11 ஆம்பியர். ஏற்கெனவே ஓடிய மூன்றோடு 14. ஃபியூஸ் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

அத்தை சொன்னது எல்லா வீட்டிலும் கேட்கும் வார்த்தைதான்: “கொஞ்சம் தடியாவே போட்டுடுப்பா, அடிக்கடி போகாம இருக்கும்.” போகாமல் இருக்கும்தான். ஆனால் 15 ஆம்பியர் ஃபியூஸ் கம்பி 15-ஐத் தாண்டியதும் உருகிவிடாது. இந்தக் கம்பிகள் தங்கள் அளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கரண்டில்தான் உருகும். அதாவது 25, 30 ஆம்பியர் வரை அது சும்மா இருக்கும். அத்தை வீட்டு ஹால் சுவரில் ஓடுவது ஒரு சதுர மில்லிமீட்டர் அளவுள்ள பழைய வயர். புதிதாக இருந்தபோதே பத்து ஆம்பியர் சுற்றித்தான் தாங்கும், இப்போது அதன் மேலுறை காய்ந்து நொறுங்குகிறது. 14 ஆம்பியர் தினமும் ஓடினால் அது சுவருக்குள்ளேயே வேகும், ஃபியூஸுக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே அங்கே மறுபடியும் 5 ஆம்பியர்தான் போட்டோம். கெட்டில் சமையலறையில் தனி லைனில் இருக்கும் 15 ஆம்பியர் பாயின்ட்டுக்குப் போனது.

கடையில் வாங்கும்போது ஆம்பியர் அச்சிட்ட அட்டையிலோ சுருளிலோ வரும் டின் பூசிய செம்புக் கம்பியைக் கேளுங்கள், வெள்ளி மாதிரி பளபளக்கும். ஈயக் கலவைக் கம்பியும் உண்டு. அதே ஆம்பியருக்கு அது இன்னும் தடியாக இருக்கும் என்பதால் இரண்டையும் கண்ணால் ஒப்பிடக் கூடாது. டின் பூசிய செம்பில் 5 ஆம்பியர் கம்பி 0.20 மில்லிமீட்டர், 10 ஆம்பியர் 0.35, 15 ஆம்பியர் 0.50. வீட்டில் கிடக்கும் சுருள் எதுவென்று தெரியாவிட்டால், பென்சிலில் பத்துச் சுற்று இடைவெளி விடாமல் நெருக்கமாகச் சுற்றி ஸ்கேலில் அளந்துபாருங்கள். அகலம் 2 மில்லிமீட்டர் என்றால் 5 ஆம்பியர், 5 மில்லிமீட்டர் என்றால் 15 ஆம்பியர். அளவு பொருந்தாவிட்டால் அந்தச் சுருளைத் தூக்கிப் போடுங்கள்.

பழைய வயரைச் சீவி எடுத்த செம்பு இழைகளை முறுக்கிப் போடுவது, இரண்டு 5 ஆம்பியர் கம்பியைச் சேர்த்து முறுக்கிப் பத்து என்று வைத்துக்கொள்வது, இரண்டும் வேண்டாம். எத்தனை ஆம்பியரில் உருகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கம்பியைக் கட்டுவது

கட்டையின் இரண்டு திருகாணிகளையும் தளர்த்தி, பழைய துண்டுகளை முழுக்க எடுத்துவிடுங்கள். பீங்கானில் கரியை உலர்ந்த துணியால் துடையுங்கள். பித்தளை முனைகளில் களிம்பு இருந்தால் நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். பீங்கானில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் அந்தக் கட்டையை மாற்றிவிடுங்கள். மிகப் பழைய கட்டைகளில் பள்ளத்துக்குள் வெள்ளையாக நார் அட்டை மாதிரி ஒன்று இருக்கலாம். அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்புண்டு, சுரண்டவோ ஊதவோ கூடாது. புதுக் கட்டை வாங்குங்கள், பெரிய செலவில்லை.

புதுக் கம்பியின் ஒரு முனையைத் திருகாணியின் வாஷருக்கு அடியில், கடிகாரம் சுற்றும் திசையில் ஒரு சுற்றுச் சுற்றி முறுக்குங்கள். அந்தத் திசையில் சுற்றினால்தான் முறுக்கும்போது கம்பி உள்ளே இழுபடும், எதிர்ப்பக்கம் சுற்றினால் பிதுங்கி வெளியே வந்துவிடும். பிறகு கம்பியைப் பள்ளத்தின் வழியாக, பீங்கானில் உரசாமல் கொண்டுபோய் அடுத்த திருகாணியில் அதே மாதிரி கட்டுங்கள். நடுவில் விறைப்பாக இழுத்துக் கட்டாதீர்கள், லேசான தொய்வு வேண்டும். விறைத்த கம்பி முறுக்கும்போதே மெலிந்துவிடும். திருகாணியை இறுக்குங்கள், ஆனால் கம்பி நசுங்கி வெட்டுப்படும் அளவுக்கு வேண்டாம். மீதி முனைகளை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

மறுபடியும் கரண்ட் கொடுப்பது

அந்த லைனில் இருக்கும் எல்லா சுவிட்சையும் ஆஃப் செய்து, பிளக்குகளைக் கழற்றிவிடுங்கள். கட்டையைத் தாடைக்குள் முழுக்க அழுத்திச் செருகுங்கள், ஆடக் கூடாது. மெயினுக்கு நேர் எதிரே நிற்காமல் ஒருபக்கமாக நின்று ஆன் செய்யுங்கள். எல்லாம் ஆஃபில் இருக்கும்போதே கம்பி போய்விட்டால் பழுது சுவருக்குள் இருக்கும் வயரில். அதோடு நிறுத்திக்கொண்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள், இரண்டாவது கம்பி போட்டுப் பார்க்க வேண்டாம். கம்பி போகாமல் நின்றால் விளக்கு, ஃபேன், டிவி என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் போகிறதோ அதில்தான் ஷார்ட்.

சரியான கம்பி போட்டாலும் இந்தக் கட்டை ஷாக்கிலிருந்து உங்களைக் காப்பாற்றாது. மனிதரைக் கொல்லும் கரண்ட் ஒரு ஆம்பியரில் மிகச் சிறிய பங்குதான், ஃபியூஸுக்கு அது உறைக்கவே உறைக்காது. ஈரச் சுவர் உள்ள வீடு என்றால், கரண்ட் கசிந்ததும் லைனைத் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. ஒன்று மாட்டச் சொல்லுங்கள்.

அரை மணி நேரம் வழக்கமான லோடு ஓடியபின் மெயினையும் இன்வெர்ட்டரையும் மறுபடி நிறுத்தி, கட்டையின் பீங்கானைத் தொட்டுப் பாருங்கள். மற்ற கட்டைகளைவிட அது மட்டும் நன்றாகச் சுட்டால் திருகாணியோ தாடையோ தளர்வாக இருக்கிறது. திருகாணியை முறுக்கியும் சூடு குறையாவிட்டால் தாடையின் பித்தளை விரிந்துவிட்டது, அடிப்பகுதியோடு சேர்த்துக் கட்டையை மாற்ற வேண்டியதுதான்.