மேனேஜருக்கு நினைவூட்டல் மின்னஞ்சல்: அனுப்புமுன் பார்க்க வேண்டியவை

முதல் மின்னஞ்சலில் பெரிய வம்பு வருவதில்லை. பதில் வராமல் இரண்டாவதாக ஒன்று எழுதுகிறோமே, அதில்தான் நம்மை அறியாமல் குத்தல் ஏறிவிடுகிறது.

பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றின் பர்சேஸிங் பிரிவில் ஒருவர், ஒரு கொட்டேஷனுக்கு ஒப்புதல் கேட்டுப் பதில் வராமல், இப்படி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழில் சொன்னால்:

"திங்கட்கிழமை அனுப்பியதற்கு இதுவரை உங்களிடமிருந்து பதில் இல்லை. சப்ளையர் தினமும் போன் செய்கிறார். தயவுசெய்து உடனே பார்த்து முடிவு சொல்லவும். ஹராப் மக்லும்."

எழுதியவருக்கு இது பணிவான கடிதம். 'தயவுசெய்து' கூட இருக்கிறதே! ஆனால் மீட்டிங்குக்கு நடுவே போனைத் திறக்கும் மேனேஜர் கண்ணில் முதலில் படுவது தலைப்பும் தொடக்க வரியும்தான். அந்த வரி, 'நீ பதில் போடவில்லை' என்று சொல்கிறது. உண்மைதான், ஆனாலும் குற்றச்சாட்டு. வரைவில் 'நீங்கள்', 'இல்லை' இரண்டும் ஒரே வாக்கியத்தில் சேரும் இடத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் சுருக்கென்று தைப்பது அங்கேதான்.

அதைவிடப் பெரிய குறை, என்ன கேட்கிறார் என்பதே தெரியவில்லை. எதற்கு முடிவு? அவர் மூன்று நாளாக அந்தக் கொட்டேஷனோடு குடித்தனம் நடத்துகிறார். மேனேஜர் அதை மறந்தே போயிருக்கலாம். 'உடனே' என்பதும் நேரம் ஆகாது. அவருக்கு அது பத்து நிமிடம், மேனேஜருக்கு நாளை மாலை.

அப்புறம் அந்த 'ஹராப் மக்லும்', அதாவது 'கவனத்தில் கொள்ளவும்' என்ற மலாய்ச் சொல். அலுவலகச் சுற்றறிக்கை ஊழியர்களுக்கு வரும்போது கடைசியில் இருக்கும் சொல் அது. கீழிருந்து மேலே போனால், மேனேஜருக்கே நோட்டீஸ் ஒட்டியது போல ஆகிவிடும்.

திருத்தினால் இப்படி வரும்:

"அட்டைப்பெட்டி 2,000-க்கான கொட்டேஷனுக்கு, 4,600 ரிங்கிட், உங்கள் ஒப்புதல் தேவைப்படுகிறது. இந்த விலை வெள்ளிக்கிழமை வரைதான். வியாழன் மதியம் 12-க்குள் கிடைத்தால் அன்றே ஆர்டர் அனுப்பிவிடுவேன். திங்கட்கிழமை அனுப்பிய கொட்டேஷனை மறுபடி இணைத்திருக்கிறேன். மாற்றம் ஏதும் வேண்டுமென்றால் சொல்லுங்கள், சப்ளையரிடம் பேசுகிறேன்."

கேட்பது முதல் வரியிலேயே வந்துவிட்டது. கெடுவுக்குக் காரணமும் இருக்கிறது. 'திங்கட்கிழமை' போகவில்லை, குற்றச்சாட்டாக இருந்தது வெறும் தகவலாகிவிட்டது. 'ஒப்புதல்' என்று ஒரே சொல்லில்கூட மேனேஜர் பதில் போடலாம்.

இதற்குப் பயந்து எதிர்ப்பக்கம் சாய்வதும் உண்டு. 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்', 'நேரம் கிடைத்தால்', 'அவசரமில்லை' என்று அடுக்கினால், வெள்ளிக்கிழமைக்குப் பிறகு விலை ஏறும்போது 'அவசரமில்லை என்றுதானே எழுதினாய்' என்ற கேள்வி வரும். ஒரு 'நன்றி' போதும்.

கடைசியாக சிசி பெட்டி. வாக்கியம் எவ்வளவு மென்மையாக இருந்தாலும், மேனேஜரின் மேலதிகாரியை அதில் சேர்த்தால் அது புகார்தான். வியாழன் காலை வரை பதில் வராவிட்டால் மூன்றாவது மின்னஞ்சல் வேண்டாம். போன் செய்யுங்கள், இல்லையென்றால் நேரில் போய்க் கேளுங்கள்.